எண்ணிய காசும் எண்ணாத காசும் ஒரே கோட்டிலா?

பங்கு சேர வருமாறு அழைப்பவர்கள் இப்போதெல்லாம் வெறும் கையோடு வருவதில்லை. கணினியில் வரைந்த விற்பனை வரைபு ஒன்றையும் எடுத்து வருகிறார்கள். ஜனவரியில் தொடங்கும் கோடு ஏறி இறங்கி, கடைசியில் அழகாக மேல்நோக்கிச் செல்லும். வங்கியில் கடன் கேட்டுப் போகும்போதும் அதே தாள்தான் கோப்பில் இருக்கும். கணக்கு வழக்குப் பார்ப்பவன் என்ற முறையில் இத்தகைய தாள்கள் அடிக்கடி என் கைக்கும் வருகின்றன. அவற்றில் முதலில் நான் தேடுவது ஒன்றைத்தான். இந்தக் கோட்டில் எந்த மாதம் வரை உண்மையாக விற்றது, எந்த மாதத்திலிருந்து விற்கும் என்று எதிர்பார்ப்பது? பல தாள்களில் இதற்கு விடை கிடைப்பதில்லை.

இதற்கு எளிய வழக்கம் ஒன்று இருக்கிறது. நடந்து முடிந்த மாதங்களுக்கு இடைவிடாத கோடு. இனி வரப்போகும் மாதங்களுக்கு விட்டுவிட்டு இழுத்த கோடு. முதலாவதை முழுக்கோடு என்றும் இரண்டாவதை முறிகோடு என்றும் இங்கு அழைப்போம். சொல்வதற்கு இவ்வளவுதான். ஆனால் செய்யும்போது இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் பிழைகள் நுழைகின்றன. ஒரு கடையின் கணக்கை வைத்தே அதைப் பார்ப்போம்.

ஒரு புடைவைக் கடையின் வருடம்

விளக்கத்துக்காக ஒரு நடுத்தரப் புடைவைக் கடையை எடுத்துக்கொள்வோம். வருடம் 2025. எண்கள் உதாரணத்துக்கு நான் எடுத்தவை, எல்லாம் இலட்சம் ரூபாவில். ஜனவரியில் விற்பனை 18, பெப்ரவரியில் 21, மார்ச்சில் 46. அந்த வருடம் நோன்புப் பெருநாள் மார்ச் 31 ஆம் திகதி வந்ததால் நோன்பு மாத வியாபாரம் முழுவதும் மார்ச்சில் விழுந்தது. ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி 24. பின்னர் மே 16, ஜூன் 20, ஜூலை 17, ஓகஸ்ட் 18. இவை எட்டும் பற்றுச்சீட்டுப் புத்தகத்தைப் பார்த்து எண்ணிய காசு.

செப்டெம்பர் முதல் வாரத்தில் கடைக்காரர் வரைபைத் தயாரிக்கிறார். மீதி நான்கு மாதங்களையும் தன் அனுபவத்தை வைத்து மதிப்பிடுகிறார். செப்டெம்பர் 18, ஒக்டோபர் 19, நவம்பர் 20, டிசம்பர் 27. பன்னிரண்டு மாதங்களையும் ஒரே முழுக்கோடாக வரைந்து, கீழே "2025 விற்பனை 264 இலட்சம்" என்று எழுதிவிடுகிறார்.

இதில் அவர் பொய் சொல்ல நினைத்தார் என்று நான் கூற மாட்டேன். ஆனால் தாளைப் பார்ப்பவருக்கு என்ன தெரிகிறது? ஜூலையிலிருந்து ஒரு மாதமும் இறங்காமல் மேல்நோக்கிச் செல்லும் ஒரு கடை தெரிகிறது. உண்மையில் எண்ணிய காசு 180 இலட்சம். மிகுதி 84 இலட்சம் இன்னும் கல்லாப்பெட்டிக்கு வரவில்லை. மொத்தத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு எதிர்பார்ப்பு. கடையின் "வளர்ச்சி" முழுவதும் அந்த மூன்றிலொரு பங்குக்குள்தான் இருக்கிறது. ஓகஸ்ட் வரை பார்த்தால் மே மாதத்துக்குப் பின்னர் விற்பனை 16க்கும் 20க்கும் இடையில் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

இந்த நிலையில் ஒருவர், "நானா, இந்தக் கோடு முழுக்க வந்த காசா?" என்று கேட்டுவிட்டால் கடைக்காரர் உண்மையைச் சொல்லிவிடுவார். கேட்காமல் பணத்தைக் கொடுத்தவர்தான் நான்கு மாதம் கழித்து மனக்கசப்போடு வருகிறார். முறிகோட்டின் வேலை, அந்தக் கேள்விக்கான பதிலைக் கேட்பதற்கு முன்னரே தாளில் சொல்லிவிடுவது.

எக்ஸலில் செய்யும் முறை

பெரும்பாலான கடைகளில் எக்ஸல்தான் பாவிக்கிறார்கள் என்பதால் அதிலேயே சொல்கிறேன். முதல் நிரலில், அதாவது A நிரலில், மாதங்கள். B நிரலில் உண்மை விற்பனை. C நிரலில் எதிர்பார்ப்பு. தலைப்புகள் முதல் வரியில் இருந்தால் ஜனவரி 2 ஆம் வரியிலும், ஓகஸ்ட் 9 ஆம் வரியிலும், டிசம்பர் 13 ஆம் வரியிலும் வரும். B நிரலில் ஓகஸ்ட் வரை எண்கள் இருக்கும், அதற்குக் கீழே வெறுமை. C நிரலில் செப்டெம்பரிலிருந்து எண்கள் இருக்கும், அதற்கு மேலே வெறுமை. மூன்று நிரல்களையும் தெரிவுசெய்து கோட்டு வரைபைப் போட்டால் இரண்டு கோடுகள் தோன்றும். எதிர்பார்ப்புக் கோட்டின் மீது வலப்பக்கப் பொத்தானை அழுத்தி Format Data Series என்பதைத் திறந்து, Dash type என்ற இடத்தில் முறிகோட்டு வகையைத் தெரிவுசெய்யுங்கள்.

இரண்டு கோடுகளுக்கும் ஒரே நிறமும் ஒரே தடிப்பும் கொடுப்பது நல்லது. நிறத்தையும் மாற்றிவிட்டால் பார்ப்பவர் அதை வேறொரு கிளையின் விற்பனை என்றோ வேறொரு பொருளின் விற்பனை என்றோ எண்ணக்கூடும். இது அதே கடை, அதே விற்பனை. மாறியது நிச்சயம் மட்டுமே. எனவே கோட்டின் தன்மை மட்டும் மாறினால் போதும்.

இப்படிச் செய்தவுடன் ஒரு குறை கண்ணில் படும். ஓகஸ்ட்டோடு முழுக்கோடு நின்றுவிடும். முறிகோடு செப்டெம்பரில்தான் தொடங்கும். நடுவில் ஒரு மாத அளவு வெற்றிடம் இருக்கும். காரணம், ஒரு கோட்டுத் துண்டை வரைய இரண்டு முனைகள் தேவை. ஓகஸ்ட் ஒரு நிரலிலும் செப்டெம்பர் இன்னொரு நிரலிலும் இருப்பதால் எக்ஸல் அவை இரண்டையும் இணைப்பதில்லை.

இந்த வெற்றிடத்தை இரண்டு விதமாக நிரப்பலாம். அவற்றில் ஒன்றுதான் சரி. ஓகஸ்ட்டின் உண்மை எண்ணான 18ஐ C நிரலிலும் ஒரு முறை போட்டால் முறிகோடு ஓகஸ்ட்டிலிருந்தே புறப்படும். இது சரி. மாறாக, செப்டெம்பரின் எதிர்பார்ப்பை B நிரலில் போட்டால் முழுக்கோடு செப்டெம்பர் வரை நீளும். பார்வைக்கு வெற்றிடம் போய்விடும், ஆனால் இன்னும் நடக்காத ஒரு மாதம் நடந்ததாகத் தாளில் ஏறிவிடும். இதற்கான விதியை இப்படி நினைவில் வைக்கலாம்: ஒரு துண்டின் இரண்டு முனைகளில் ஒன்று மதிப்பீடாக இருந்தாலும் அந்தத் துண்டு முறிகோடுதான்.

இன்னொரு சிறிய உதவியும் உண்டு. உண்மை மாதங்களின் புள்ளிகளை நிறைந்த வட்டமாகவும், எதிர்பார்ப்பு மாதங்களின் புள்ளிகளை உள்ளே வெற்றான வட்டமாகவும் போடுங்கள். ஓகஸ்ட் புள்ளி நிறைந்திருக்கும், அதிலிருந்து முறிகோடு புறப்படும். எந்த மாதம் கடைசியாக எண்ணப்பட்டது என்பதில் பின்னர் யாருக்கும் சந்தேகம் வராது.

அடுத்த மாதம் வந்தால்

வரைபு ஒரு நாளோடு முடிவதில்லை. செப்டெம்பர் முடிந்து உண்மை விற்பனை 15 என்று வந்துவிட்டது. அதை B நிரலில் போட்டாயிற்று. இப்போது C நிரலில் ஓகஸ்ட்டுக்குப் போட்ட 18ஐ அழிக்க வேண்டும், செப்டெம்பருக்கு 15 என்று மாற்ற வேண்டும். மாதா மாதம் இதைக் கையால் செய்தால் ஒரு மாதமாவது மறந்துபோகும். மறந்தால் ஒரே மாதத்துக்கு முழுக்கோடு 15 என்றும் முறிகோடு 18 என்றும் சொல்லிக்கொண்டிருக்கும்.

சிலர் சுருக்கு வழியாக எல்லா எண்களையும் ஒரே நிரலில் போட்டுவிட்டு, கடைசி நான்கு துண்டுகளை மட்டும் ஒவ்வொன்றாகத் தெரிவுசெய்து முறிகோடாக மாற்றுவார்கள். அன்றைக்குத் தாள் சரியாகவே இருக்கும். ஆனால் அந்த முறிகோடு அந்த இடத்தில் ஒட்டிக்கொண்டுவிடும். எண் உண்மையானதாக மாறியது எக்ஸலுக்குத் தெரியாது. டிசம்பர் முடிந்த பின்னரும் செப்டெம்பர் எதிர்பார்ப்பாகவே காட்சி தரும்.

எனவே வேலையை ஒரு சூத்திரத்திடம் ஒப்படைப்பதே மேல். எதிர்பார்ப்பு எண்களை D நிரலில் எழுதிவைத்து, C நிரலின் 2 ஆம் வரியில் பின்வருவதைப் போட்டுக் கடைசி மாதம் வரை கீழே நகல் எடுங்கள்.

```
=IF(ISNUMBER(B3),NA(),IF(ISNUMBER(B2),B2,D2))
```

இது சொல்வது இதுதான். அடுத்த மாதத்தின் உண்மை எண் வந்திருந்தால் இந்த மாதத்துக்கு முறிகோடு தேவையில்லை. அடுத்த மாதம் வரவில்லை, ஆனால் இந்த மாதம் வந்திருக்கிறது என்றால் இதுவே சந்திக்கும் இடம், உண்மை எண்ணையே எடுத்துக்கொள். இரண்டுமே வரவில்லை என்றால் D நிரலின் எதிர்பார்ப்பை எடுத்துக்கொள். வரைபு A, B, C மூன்றையும் மட்டும் பார்க்கட்டும். இனி B நிரலில் எண்ணைப் போட்டவுடன் முழுக்கோடு ஒரு மாதம் முன்னேறும், முறிகோடு தானாகவே பின்வாங்கும். டிசம்பருக்குக் கீழே உள்ள B14 கட்டத்தில் மொத்தத்தை எழுதிவிடாதீர்கள். சூத்திரம் அதை அடுத்த மாதத்தின் விற்பனை என்று எண்ணிவிடும்.

சூத்திரத்தில் NA() என்று எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. அந்த இடத்தில் வெறும் மேற்கோள் குறிகளை, அதாவது "" என்று போட்டால் கட்டம் கண்ணுக்கு வெறுமையாகத் தெரியும். ஆனால் வரைபு அதைப் பூச்சியமாக எடுத்துக்கொண்டு கோட்டை அடிமட்டத்துக்கு இழுத்துவிடும். NA() என்றால் கட்டத்தில் #N/A என்று தோன்றும், வரைபில் அந்தப் புள்ளி வராது. B நிரலின் எண்கள் வேறொரு தாளிலிருந்து சூத்திரத்தால் வருவதாக இருந்தாலும் வராத மாதங்களுக்கு இதையே செய்ய வேண்டும். தாளின் கடைசியில் கோடு திடீரெனப் பூச்சியத்துக்கு விழுந்திருந்தால், கடையில் விபரீதம் ஒன்றும் நடக்கவில்லை, இந்தச் சிக்கல்தான் நடந்திருக்கிறது என்று முதலில் சந்தேகியுங்கள்.

இதற்கு ஒரு தம்பிப் பிழையும் உண்டு. ஒக்டோபர் 12 ஆம் திகதி, அதுவரை நடந்த 6 இலட்சம் விற்பனையை ஒக்டோபரின் உண்மை எண்ணாகப் போட்டுவிடுவது. 15லிருந்து 6க்கு முழுக்கோடு சரியும். பங்காளிகள் பதறிப்போவார்கள். 12 நாள் விற்பனையும் உண்மைதான், ஆனால் அது ஒரு மாதத்தின் விற்பனை அல்ல. மாதம் மூடப்படும் வரை அந்த இடம் முறிகோட்டுக்கே உரியது.

முறிகோடு வேறு வேலைக்குப் போகக் கூடாது

ஒரே தாளில் முறிகோட்டுக்கு ஒரு பொருள்தான் இருக்க வேண்டும். பல நிறுவனங்களில் வருட ஆரம்பத்தில் வைத்த விற்பனை இலக்கையும் முறிகோடாகவே வரைகிறார்கள். இலக்கு என்பது அடைய விரும்புவது. எதிர்பார்ப்பு என்பது நடக்கும் என்று கணிப்பது. கடைக்காரர் மாதம் 25 இலட்சம் இலக்கு வைத்திருக்கலாம், ஆனால் செப்டெம்பரில் 18தான் வரும் என்று அவருக்கே தெரியும். இரண்டும் ஒரே வகைக் கோட்டில் வந்தால் விருப்பத்தையும் கணிப்பையும் பிரிக்க முடியாது. இலக்கை மெல்லிய சாம்பல் நிற முழுக்கோடாகப் போட்டு, அதன் அருகிலேயே "இலக்கு" என்று எழுதிவிடலாம்.

அதேபோல், ஒரு மாதத்தின் கணக்குப் புத்தகம் தொலைந்துபோனால் அந்த இடத்தை முறிகோட்டால் ஒட்டுப்போடக் கூடாது. அங்கு வெற்றிடம் விடுவதே நேர்மை. கடை மூடப்பட்டிருந்த மாதம் என்றால் அது வேறு. 2020 ஆம் ஆண்டு ஊரடங்கின்போது விற்பனையே நடக்காத மாதத்துக்குப் பூச்சியம் என்பதே உண்மை எண். அது முழுக்கோட்டில்தான் வர வேண்டும்.

அச்சிடும்போதும் கவனம் தேவை. நீண்ட கீறல்களைக் கொண்ட வகையைத் தெரிவுசெய்தால் இரண்டு மாதங்களுக்கு இடையில் ஒன்றிரண்டு கீறல்களே அடங்கும். அதைப் போட்டோ கொப்பி எடுத்தால் முழுக்கோடு போலவே தெரியும். பன்னிரண்டு மாதத் தாளுக்குச் சிறிய கீறல்கள் பொருத்தம். வங்கிக்குக் கொடுப்பதற்கு முன்னர் கறுப்பு வெள்ளையில் ஒரு பிரதி எடுத்து, கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். கோடு மாறும் இடம் அந்தத் தூரத்திலும் தெரிய வேண்டும்.

முறிகோடு சொல்லாத விடயம்

முறிகோட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. இது மதிப்பீடு என்று அது சொல்லும். எவ்வளவு நம்பலாம் என்று சொல்லாது. டிசம்பருக்கு 27 என்று ஒரு புள்ளி இருந்தால் 27தான் வரும் என்று மனம் பிடித்துக்கொள்கிறது. இந்தக் குறையைக் கருதியே இங்கிலாந்து வங்கி 1996 பெப்ரவரியில் தனது பணவீக்க அறிக்கையில் விசிறி போன்ற வரைபை வெளியிடத் தொடங்கியது. அதில் எதிர்காலம் ஒரு கோடாக இல்லாமல், தூரம் போகப் போக விரிந்துசெல்லும் பட்டைகளாக வரும். எமது மத்திய வங்கியும் பணவீக்க எதிர்வுகூறலை இந்த விசிறி வடிவில் வெளியிட்டிருக்கிறது.

புடைவைக் கடைக்கு விசிறி தேவையில்லை. D நிரல் போதும். அதில் எழுதிய எதிர்பார்ப்பைப் பின்னர் திருத்தாமல் வைத்திருந்தால் அதுவே அளவுகோலாகும். எமது உதாரணத்தில் செப்டெம்பருக்கு 18 என்றார், வந்தது 15. ஒக்டோபர் 19 என்றார், வந்தது 17. நவம்பர் 20 என்றார், வந்தது 22. டிசம்பர் 27 என்றார், வந்தது 25. ஆகக்கூடிய பிசகு 3 இலட்சம். நான்கு மாதம் குறைந்த அனுபவம்தான் என்றாலும், அடுத்த முறை முறிகோட்டின் அருகில் "3 இலட்சம் கூடலாம், குறையலாம்" என்று எழுத அது ஓர் ஆதாரம். வந்த எண்ணைப் பார்த்துப் பழைய எதிர்பார்ப்பைத் திருத்திக்கொள்பவருக்கு இந்த ஆதாரம் ஒருபோதும் கிடைக்காது.

எதன் அடிப்படையில் கணித்தார் என்பதையும் ஒரு வரியில் எழுத வேண்டும். "போன வருடம் அதே மாதம் விற்றது" என்பதே பலரின் அடிப்படை. எமது கடைகளில் அது நேராகப் பிழைக்கும் இடம் நோன்பு மாதம். பெருநாள் வருடா வருடம் சுமார் பதினொரு நாட்கள் முந்தி வருகிறது. 2025இல் மார்ச்சுக்குள் முழுதாக அடங்கிய நோன்பு, 2026இல் பெப்ரவரி பிற்பகுதியிலேயே தொடங்கியது. மார்ச்சில் 46 என்ற உச்சத்தை அப்படியே 2026க்கு நகல் எடுத்த முறிகோடு, பெப்ரவரிக்குக் குறைவாகவும் மார்ச்சுக்குக் கூடுதலாகவும் சொல்லியிருக்கும். பெப்ரவரியில் கடையில் சரக்குப் போதாமல் போகும்.

அடிப்படையே சரிந்துவிடும் காலமும் உண்டு. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாவை ஒட்டி இருந்தது. மே மாதத்தில் 360ஐயும் தாண்டியது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2021 டிசம்பரில் 12.1 சதவீதமாக இருந்த பணவீக்கம், 2022 செப்டெம்பரில் 69.8 சதவீதமாகியது. டொலர் 200 என்று வைத்து அந்த பெப்ரவரியில் இறக்குமதிச் செலவுக்கு வரைந்த எந்த முறிகோடும் மூன்று மாதம் தாங்கியிருக்காது. அருகில் "டொலர் 200 என்ற கணக்கில்" என்று எழுதியிருந்தால், மார்ச்சிலேயே அந்தக் கோடு செல்லாது என்பது யாருக்கும் விளங்கியிருக்கும். எழுதாதவர்கள் கோட்டை மட்டும் நம்பிச் சரக்குக்குக் கட்டளை கொடுத்தார்கள்.

தாள் உங்கள் கைக்கு வந்தால்

வரைபை வரைபவர் நீங்களாக இல்லாமல், பணம் போடுபவராக இருக்கலாம். முழுவதும் முழுக்கோடாக உள்ள தாளில் எதிர்பார்ப்பு ஒளிந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க இரண்டு அடையாளங்களைப் பாருங்கள். முதலாவது திகதி. தாள் தயாரித்த திகதி செப்டெம்பர் 5 என்றிருக்க, கோடு டிசம்பர் வரை போனால் நான்கு மாதம் மதிப்பீடு என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். திகதியே இல்லாத தாளைத் திருப்பிக் கொடுத்துத் திகதி போட்டு வாங்குங்கள். இரண்டாவது கோட்டின் நடை. உண்மை விற்பனை 21, 46, 24, 16 என்று மேடு பள்ளமாகத்தான் போகும். 18, 19, 20 என்று படிக்கட்டுப் போல ஒழுங்காக ஏறும் இடம் பெரும்பாலும் மனிதர் மனதில் பிறந்தது.

பின்னர் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: "கடைசியாக எண்ணிய மாதம் எது?" பதிலைக் கேட்டு, அந்த மாதத்தில் பேனையால் நிலைக்குத்தாக ஒரு கோடு போட்டு, வலப்பக்கத்தைக் கையால் மறைத்துவிட்டு இடப்பக்கத்தை மட்டும் பாருங்கள். அந்தப் பாதியைப் பார்த்தும் பணம் போட மனம் வந்தால், அதன் பிறகு முறிகோட்டைப் பற்றிப் பேசலாம்.